வரிசையா, விதியா? கல்லூரிக் கால அட்டவணைக்கு இரண்டு வழிகள்

கல்லூரியில் கால அட்டவணை போடுகிறவர்கள் இரண்டு விதமாக வேலை செய்கிறார்கள். ஒரு சாரார் வகுப்புகளை ஏதோ ஒரு முன்னுரிமைப்படி வரிசைப்படுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து, ஆசிரியரும் அறையும் மோதாத ஹவரில் வைத்துக்கொண்டே போகிறார்கள். கையில் சார்ட் தாளோடு உட்காரும் பேராசிரியரும் எக்செல் தாளில் வண்ணம் பூசுகிறவரும் இந்த வகைதான். மற்ற சாரார் எந்த வகுப்பையும் எங்கும் வைப்பதில்லை. என்னென்ன நடக்கக் கூடாது, என்னென்ன நடந்தால் நல்லது என்று மட்டும் எழுதி, தேடுகிற வேலையை ஒரு மென்பொருளிடம் விட்டுவிடுகிறார்கள். முதலாவதை வரிசை வழி என்றும் இரண்டாவதை விதி வழி என்றும் இங்கே அழைக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றை மாதிரியாக வைத்துக்கொள்வோம். ஆறு டே ஆர்டர், நாளுக்கு ஐந்து ஹவர், ஆக சுற்றுக்கு 30 ஹவர். மூன்றாம் ஹவர் முடிந்ததும் உணவு இடைவேளை. நமக்குப் பழக்கமான அமைப்புதான் இது. இதன் சிக்கல்களும் பொறியியல் கல்லூரியின் சிக்கல்களிலிருந்து வேறுபட்டவை.

முதலில் மிகச் சிறிய கணக்கு ஒன்று. மூன்று வகுப்புகள், மூன்று ஆசிரியர்கள், மூன்று ஹவர்கள். ஆசிரியர்களை அ, ஆ, இ என்போம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு ஹவர் எடுக்க வேண்டும். வரிசை வழியில் போகிறவர் முதலாண்டு வகுப்பை எடுத்து அ, ஆ, இ என்று 1, 2, 3 ஹவர்களில் வைக்கிறார். அடுத்து இரண்டாமாண்டு. அ முதல் ஹவரில் வேறு வகுப்பில் இருப்பதால் இங்கே 2-க்கு வருகிறார். ஆ-வுக்கு முதல் ஹவர் காலி, வகுப்புக்கும் காலி, எனவே 1. மிச்சம் இ. வகுப்புக்கு 3-ஆம் ஹவர்தான் காலி, ஆனால் அந்த நேரத்தில் இ முதலாண்டில் இருக்கிறார். ஒன்பது ஹவர்களில் ஆறாவதிலேயே வேலை முட்டிக்கொண்டது.

ஆ-வை முதல் ஹவரில் வைத்தபோது எந்த மோதலும் இல்லை. ஆனால் அந்த நொடியிலேயே இ-க்கு இருந்த ஒரே இடம் பறிபோய்விட்டது. அ-வை 2-இல் வைத்த பிறகு மிச்சமிருந்த இருவரையும் பார்த்திருந்தால், ஆ-வுக்கு 1, 3 என இரண்டு வாய்ப்புகளும் இ-க்கு 1 என்ற ஒரே வாய்ப்பும் இருந்தது தெரிந்திருக்கும். இ-யை முதலில் 1-இல் வைத்து, ஆ-வை 3-க்கு அனுப்பினால் இரண்டாமாண்டு முடிந்தது. மூன்றாமாண்டும் 3, 1, 2 என்று தானாக விழுந்துவிடும்.

வரிசை வழியின் முழு வரலாறும் இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது. 1967-இல் வெல்ஷும் பவெலும், அதிக மோதல் உள்ள வகுப்பை முதலில் வை என்றார்கள். அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே கால அட்டவணை இருந்தது. ஆனால் அவர்களுடைய வரிசை தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. 1979-இல் பிரேலாஸ் வரிசையை நடுவழியில் மாற்றிக்கொண்டே போகச் சொன்னார்: ஒவ்வொரு படியிலும் எதற்கு வாய்ப்புகள் அதிகம் அடைபட்டிருக்கின்றனவோ அதை அடுத்து எடு. நம் கணக்கில் இ-யை முதலில் எடுத்தது இந்த அறிவுரைதான். தொடக்கத்தில் எல்லா வகுப்புகளும் ஒரே அளவு கடினமாகத்தான் தெரிந்தன. சில வகுப்புகளை வைத்த பிறகுதான் வேறுபாடு வந்தது. எனவே, அட்டவணை போடுகிறவர் காலையில் எழுதிய முன்னுரிமைப் பட்டியலை மாலைவரை அப்படியே பின்பற்றினால், எவ்வளவு கவனமாக இருந்தாலும் முட்டிக்கொள்ள நேரலாம்.

விதி வழியில் இதே கணக்கை எழுதுவது வேறு மாதிரி. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு ஹவருக்கும் ஒரு ஆம்-இல்லை மாறி. ஆம் என்றால் அந்த வகுப்பு அந்த ஹவரில் நடக்கிறது. ஒரு ஆசிரியர் ஒரு ஹவரில் அதிகபட்சம் ஒரு இடத்தில்தான் இருக்கலாம் என்பதை, கூகுளின் இலவச ஓஆர்-டூல்ஸ் தொகுப்பில் உள்ள சிபி-சாட் தீர்ப்பானுக்கு இப்படிச் சொல்லலாம்:

```python
for t in teachers:
    for p in range(30):
        model.add_at_most_one(x[c, p] for c in taught_by[t])
```

மாணவர் வகுப்புக்கும் இதே போல இன்னொரு வரி. அறைகளைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். சாதாரண வகுப்பறைகள் ஒன்றுக்கொன்று ஈடானவை என்றால், எந்த வகுப்பு எந்த அறையில் என்று தீர்ப்பானைத் தேடவிடத் தேவையில்லை. ஒரு ஹவரில் நடக்கும் வகுப்புகளின் எண்ணிக்கை அறைகளின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொன்னால் போதும், அறை எண்ணைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். பதினைந்து ஒரே மாதிரி அறைகளைத் தனித்தனிப் பெயரோடு கொடுத்தால், ஒரே அட்டவணையை அறைகளை மட்டும் மாற்றிமாற்றிப் போட்டுப் பார்ப்பதிலேயே அதன் நேரம் போகும். லேப், மொழி ஆய்வகம், புரொஜெக்டர் உள்ள அரங்கு ஆகியவற்றுக்கு மட்டும் தனிப் பெயர் தேவை.

தீர்ப்பான் உள்ளே செய்வதும் தொடக்கத்தில் பிரேலாஸ் சொன்னதற்கு நெருக்கமானதுதான். ஒன்றை வைத்ததும் மற்றவற்றின் வாய்ப்புகளைச் சுருக்கிப் பார்க்கும். எதற்காவது ஒரு வாய்ப்புகூட இல்லாமல் போனால் உடனே பின்வாங்கும். வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. எந்தெந்த முடிவுகள் சேர்ந்து முட்டின என்பதை அது ஒரு புதிய விதியாகக் குறித்துக்கொள்ளும், அந்தக் கூட்டணியை மறுபடி முயலாது. மனிதரோ முட்டிய இடத்தில் ரப்பரை எடுத்துக் கடைசியாக வைத்ததை அழிப்பார். தவறு அதற்கு இருபது படி முன்னால் நடந்திருக்கலாம்.

இனி நிஜக் கல்லூரிக்கு நெருக்கமான ஒரு வழக்கு. முதல் இரண்டு ஆண்டுகளில் பார்ட் ஒன் தமிழ் சுற்றுக்கு 6 ஹவர், பார்ட் டூ ஆங்கிலம் 6 ஹவர். இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல், கணினி அறிவியல் என ஆறு துறைகளிலும் சில மாணவர்கள் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர்தான். ஆகவே ஆறு துறைக்கும் பார்ட் ஒன் ஒரே ஹவரில் நடந்தாக வேண்டும். இதைத்தான் காமன் ஹவர் என்கிறோம். அந்த ஹவரில் அறிவியல் பிரிவுக்கான ஆறு தமிழாசிரியர்களும் ஒரே நேரத்தில் வகுப்பில் இருப்பார்கள். எனவே முதலாண்டுக்குத் தமிழ் நடக்கும்போது இரண்டாமாண்டுக்குத் தமிழ் நடக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் 12 ஹவர் ஆகிறது. யுஜிசி உதவிப் பேராசிரியருக்குச் சொல்லும் வாரம் 16 மணி நேரத்துக்குள் அது அடங்குகிறது.

வரிசை வழிக்காரர் இதைத்தான் முதலில் எடுப்பார், அது சரியும்கூட. ஏனெனில் ஒரு காமன் ஹவரை நகர்த்தினால் ஆறு துறையும் நகரும். எல்லா நாளும் உணவுக்குப் பிறகு 4, 5 ஆம் ஹவர்களை மொழிகளுக்கு ஒதுக்கிவிடுகிறார். முதலாண்டுக்கு நான்காம் ஹவரில் தமிழ் என்றால் இரண்டாமாண்டுக்கு ஆங்கிலம், ஐந்தாம் ஹவரில் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்கிறது, மோதல் எதுவும் இல்லை, மாணவருக்கும் நினைவில் நிற்கிறது. காலை மூன்று ஹவரும் மேஜருக்கும் லேபுக்கும் முழுசாகக் கிடைக்கின்றன.

அடுத்து இயற்பியல் லேப். ஒரே ஒரு லேப். மேஜர் ப்ராக்டிகல் முதலாண்டுக்கு ஒன்று, இரண்டாமாண்டுக்கு ஒன்று, மூன்றாமாண்டுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் தொடர்ச்சியாக மூன்று ஹவர். அலைடு ப்ராக்டிகல் கணிதம், வேதியியல், விலங்கியல் முதலாண்டு மாணவர்களுக்குத் தலா ஒன்று, தொடர்ச்சியாக இரண்டு ஹவர். கூட்டிப் பார்த்தால் நான்கு மூன்று 12, மூன்று இரண்டு 6, மொத்தம் 18 ஹவர். லேப் திறந்திருப்பது 30 ஹவர். தாராளமாக இடம் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் இடம் இல்லை. மூன்று ஹவர் ப்ராக்டிகல் உணவு இடைவேளையைத் தாண்ட முடியாது, எனவே காலையில்தான் நடக்கும். அலைடு மாணவர்களுக்கு மதியம் 4, 5 மொழி வகுப்பு. எனவே அவர்களும் காலையில்தான் வர வேண்டும். ஒரு காலையின் மூன்று ஹவருக்குள் ஒரு மூன்று-ஹவர் ப்ராக்டிகல் அடங்கும், அல்லது ஒரு இரண்டு-ஹவர் ப்ராக்டிகல் அடங்கும். இரண்டு ப்ராக்டிகல் அடங்காது. ஆக ஆறு காலைகளில் ஆறு ப்ராக்டிகல்தான் நடத்த முடியும். நமக்கு வேண்டியது ஏழு.

வரிசை வழியில் இந்த உண்மை எப்படி வெளிப்படும் என்று பாருங்கள். ஆறு ப்ராக்டிகல் வரை சிரமமில்லாமல் அமர்ந்துவிடும். ஏழாவதாக யார் வருகிறாரோ அவருக்கு இடமில்லை. வரிசையில் கடைசி விலங்கியல் என்றால், விலங்கியல் அலைடு பிரச்சினை பண்ணுகிறது என்று பேச்சு வரும். அந்தத் துறைத் தலைவரைக் கூப்பிட்டு ஏதாவது விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். கடைசியில் அலைடு ப்ராக்டிகலை உடைத்து ஒவ்வொரு ஹவராக இரண்டு நாளில் போடுவார்கள். ஒரு ஹவரில் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிசெய்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், அளவெடுக்கவே நேரமிருக்காது. உண்மையில் விலங்கியல் எந்தக் குற்றமும் செய்யவில்லை. தடை முதல் படியிலேயே, மொழிகளை ஆறு நாளும் மதியத்தில் வைத்தபோதே வந்துவிட்டது. வரிசை வழியின் பெரிய குறை இதுதான் என்பேன்: முட்டும் இடமும் காரணம் இருக்கும் இடமும் வேறுவேறு, பழி எப்போதும் வரிசையில் கடைசியாக நிற்பவர் மேல் விழும். வரிசையில் கடைசியாக நிற்பவர் பெரும்பாலும் கேள்வி கேட்க முடியாத சிறிய துறையாகவோ கௌரவ விரிவுரையாளராகவோ இருப்பார்.

விதி வழியில் மொழி ஹவர்களை நாம் பூட்டி வைக்காவிட்டால் விடை கிடைக்கிறது. ஒரு விடையை நான் சொல்கிறேன். ஆறாம் டே ஆர்டரில் மட்டும் முதலாண்டின் தமிழையும் ஆங்கிலத்தையும் காலை 1, 2 ஆம் ஹவர்களுக்குக் கொண்டுவருவது. அன்று காலை லேபில் மூன்றாமாண்டு மாணவர்கள். அவர்களுக்கு மொழி வகுப்பே கிடையாது. மதியம் 4, 5-இல் முதலாண்டு அலைடு மாணவர்கள். அந்த நாளில் இரண்டு ப்ராக்டிகல், மற்ற ஐந்து நாளில் ஐந்து. ஏழு ஆயிற்று. இரண்டாமாண்டை அசைக்கவே தேவையில்லை, அவர்களுடைய மொழி வகுப்பு மதியத்திலேயே இருக்கலாம். ஆறு தமிழாசிரியர்களும் அன்று காலை ஒரு ஹவர், மதியம் ஒரு ஹவர் என்று வருவார்கள். மோதல் இல்லை.

சிக்கல் மொழியில் இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு இதைக் கையாலும் செய்யலாம்தான். ஆனால் எந்த டே ஆர்டரை மாற்றுவது என்பதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அன்று காலை வேதியியல் முதலாண்டுக்குச் சொந்த லேப் இருந்தால் அது வேறு காலைக்குப் போக வேண்டும், தாவரவியலுக்கும் அப்படியே. ஆறு துறைகளின் லேப்களையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைத் தேர்வது மனிதருக்குக் கடினம். தீர்ப்பானுக்கு அது இன்னும் சில விதிகள் மட்டுமே.

பூட்டியே வைத்திருந்தால்? அப்போது தீர்ப்பான் `INFEASIBLE` என்று ஒரே சொல்லில் நின்றுவிடும். வரிசை வழியாவது விலங்கியல் என்று ஏதோ ஒரு பெயரைச் சொன்னது, இது அதையும் சொல்லவில்லை. விதி வழிக்குப் போனவர்கள் பலர் மனம் உடைந்து திரும்பும் இடம் இதுவே. இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. சந்தேகப்படும் விதிகளுக்குத் தனித்தனிச் சுவிட்சு வைத்து, அந்தச் சுவிட்சுகளை அனுமானங்களாகக் கொடுக்க வேண்டும்:

```python
for d in range(6):
    model.add(tamil_1[d] == 5*d + 3).only_enforce_if(keep[d])
    model.add(english_1[d] == 5*d + 4).only_enforce_if(keep[d])
model.add_assumptions(keep)
solver.solve(model)
print(solver.sufficient_assumptions_for_infeasibility())
```

இங்கே ஹவர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகின்றன, ஆகவே 3 என்பது நான்காம் ஹவர். கடைசி வரி, எந்தச் சுவிட்சுகள் சேர்ந்து விடையைத் தடுக்கின்றன என்று அச்சிடும். நம் வழக்கில் ஆறு நாளின் சுவிட்சுகளும் அதில் வந்தாக வேண்டும், ஏனெனில் இயற்பியல் லேபைப் பொறுத்தவரை ஆறில் எந்த ஒன்றை விட்டாலும் வழி பிறக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் விலங்கியலைத் தொந்தரவு செய்யாமல் மொழித் துறைகளிடம் பேசப் போகலாம். மற்ற வழக்குகளில் பட்டியல் மிகச் சிறியதாக இருக்கும் என்ற உறுதி கிடையாது. தேவையில்லாத சுவிட்சுகளும் உடன் வரலாம், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்துச் சுருக்க வேண்டும்.

விதி வழியில் வேறு வகைத் தவறும் நேரும், அது வரிசை வழியில் நேரவே நேராது. ஹவர்களை 0 முதல் 29 வரை ஒரே கோட்டில் எண்ணி, ப்ராக்டிகல் மூன்று ஹவர் தொடர்ச்சியாக வர வேண்டும் என்று மட்டும் எழுதினால், முதல் நாளின் ஐந்தாம் ஹவரில் தொடங்கி இரண்டாம் நாளின் இரண்டாம் ஹவரில் முடியும் ப்ராக்டிகலைத் தீர்ப்பான் கூச்சமில்லாமல் தந்துவிடும். அதன் கண்ணில் 4, 5, 6 தொடர்ச்சியான எண்கள். நடுவில் ஓர் இரவு இருப்பதை யாரும் சொல்லவில்லை. உணவு இடைவேளையும் அப்படித்தான். சார்ட்டில் கையால் எழுதுகிற எவரும் இதைச் செய்ய மாட்டார். ஆகவே ப்ராக்டிகலுக்கு எந்தெந்த ஹவரில் தொடங்கலாம் என்ற பட்டியலையே கொடுத்துவிடுவது பாதுகாப்பு: மூன்று ஹவருக்கு நாளின் முதல் ஹவர் மட்டும், இரண்டு ஹவருக்கு 1, 2, 4. அட்டவணை வந்ததும் முதலில் சரிபார்க்க வேண்டியதும் லேப் வரிசைதான். அங்கே ஒரு நாளின் ஓரத்தில் துண்டு தொங்கினால் விதி தப்பாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இனி விருப்பங்கள். மோதல் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. முதல் ஹவர் வேண்டாம், மதியம் தொடர்ந்து இரண்டு ஹவர் வேண்டாம், ஒரே நாளில் நான்கு ஹவர் வேண்டாம் என்பவற்றில்தான் மனக்கசப்பு வருகிறது. வரிசை வழியில் யாரை முதலில் எடுக்கிறோமோ அவருக்கு எல்லாம் கிடைக்கும். பல இடங்களில் பணி மூப்புப்படி எடுக்கிறார்கள். அதன் விளைவு, மூத்தவரின் சிறிய வசதிகூட இளையவரின் பெரிய தேவையை முந்திவிடுகிறது. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே வரக்கூடிய கௌரவ விரிவுரையாளருக்கு வாய்ப்புகள் மிகக் குறைவு. பிரேலாஸ் சொன்னபடி பார்த்தால் அவரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மூப்புப்படி அவர் கடைசி. இப்படிப் போட்ட அட்டவணை பாதியில் முட்டிக்கொள்வதில் வியப்பில்லை. வரிசை என்பது வைப்பதற்கு எது கடினம் என்பதற்கானது. அதை மரியாதைக்குப் பயன்படுத்தினால் மரியாதையும் கிடைக்காது, அட்டவணையும் கிடைக்காது.

ஆசிரியர் எந்த நாளில் கிடைப்பார் என்ற இந்த நிபந்தனை சாதாரணமானது அல்ல. அது இல்லாவிட்டால், அறைக் கட்டுப்பாடும் காமன் ஹவரும் தொடர் ஹவர் ப்ராக்டிகலும் இல்லாவிட்டால், எந்த ஆசிரியருக்கும் எந்த வகுப்புக்கும் 30 ஹவருக்கு மேல் போகாதவரை மோதலில்லாத அட்டவணை நிச்சயம் உண்டு. 1916-இல் ஹங்கேரியக் கணிதர் கோனிக் நிறுவிய தேற்றத்திலிருந்து இது வருகிறது, அதை விரைவாகக் கண்டுபிடிக்கவும் முடியும். யார் எந்த நேரத்தில் கிடைப்பார் என்ற பட்டியலைச் சேர்த்தவுடன் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. எல்லாக் கணக்குகளுக்கும் விரைவாக விடை தரும் வழி இதுவரை கிடைக்காத கடின வகையில் அது சேர்ந்துவிடுவதை 1976-இல் ஈவன், இட்டாய், ஷமிர் மூவரும் நிறுவினார்கள். பகுதி நேர ஆசிரியர்கள் பெருகிய கல்லூரிகளில் அட்டவணை போடுவது முன்னைவிடக் கடினமாகியிருப்பதற்குப் போடுகிறவரின் திறமைக் குறைவைக் காரணம் சொல்லக் கூடாது. கணக்கே மாறிவிட்டது.

விதி வழியில் விருப்பத்துக்கு வரிசை கிடையாது, எடை உண்டு. நிறைவேறாத ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு தண்டம் வைத்து, மொத்தத் தண்டம் குறைவாக வரும் அட்டவணையைத் தேடச் சொல்கிறோம். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் எண்கள் கூடிப்போய் ஏமாற்றும். கைக்குழந்தையோடு வரும் ஆசிரியருக்கு முதல் ஹவர் வேண்டாம் என்பதற்கு 10 என்றும், மற்றவர்களின் சில்லறை விருப்பங்களுக்கு ஆளுக்கு 1 என்றும் வைத்தால், பதினோரு சில்லறை விருப்பங்களைக் காப்பாற்ற அந்த ஒன்றைத் தீர்ப்பான் பலி கொடுத்துவிடும். அதனிடம் கேட்டது அதுதானே. இதைத் தவிர்க்கப் படிப்படியாகத் தீர்ப்பது நல்லது. முதலில் மிக முக்கியமான விருப்பங்களை மட்டும் வைத்துத் தீர்த்து, கிடைத்த மிகக் குறைந்த தண்டத்தை இதற்கு மேல் போகக் கூடாது என்று கட்டாய விதியாக்கி, அடுத்த அடுக்கு விருப்பங்களுக்குப் போக வேண்டும். மூன்று அடுக்கு போதும். எந்த விருப்பம் எந்த அடுக்கில் என்பதை ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடிவு செய்து, எழுதி ஒட்டிவிடலாம். வரிசை வழியில் இப்படி ஒட்டக்கூடிய தாள் எதுவும் கிடையாது. யாருக்கு ஏன் கிடைத்தது என்பது போட்டவரின் நினைவில் மட்டும் இருக்கும். எனக்கு விதி வழி பிடிப்பதற்கு வேகத்தைவிட இது பெரிய காரணம்.

வரிசை வழி தெளிவாக வெல்லும் இடமும் ஒன்று உண்டு. செமஸ்டர் நடுவில் ஓர் ஆசிரியர் மருத்துவ விடுப்பில் போகிறார், பதிலாக வருபவருக்கு மூன்றாம் டே ஆர்டர் முடியாது. கை பழகிய பேராசிரியர் இரண்டு ஹவரை இடம் மாற்றி, மூன்று பேரிடம் சொல்லி, காலைத் தேநீருக்குள் முடித்துவிடுவார். தீர்ப்பானை மறுபடி ஓட்டினால் புதிய அட்டவணையிலும் மோதல் இருக்காது, ஆனால் கல்லூரியின் பாதி வகுப்புகள் இடம் மாறியிருக்கும். அதற்குப் பழைய அட்டவணை மேல் பற்று இல்லை. பழைய விடையை `add_hint` மூலம் கொடுப்பது மட்டும் போதாது, அது தேடலுக்குத் தொடக்கம் காட்டுமே தவிர அங்கேயே இருக்கச் சொல்லாது. இடம் மாறும் ஒவ்வொரு ஹவருக்கும் தண்டம் வைத்து, அந்தத் தண்டத்தை முதல் அடுக்காக்க வேண்டும். அப்படி எழுதினால் அதுவும் இரண்டு மூன்று மாற்றங்களோடு நிற்கும்.

இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். லிவியு லலெஸ்கு தொடங்கிய எஃப்இடி என்ற இலவச மென்பொருள் அடிப்படையில் வரிசை வழிதான். மிகக் கடினமான வகுப்பிலிருந்து தொடங்கி வைத்துக்கொண்டே போகும். ஆனால் இடமில்லை என்றால் நின்றுவிடாமல், தடுக்கிறவற்றை வெளியே தள்ளி, அவற்றுக்கு வேறு இடம் தேடி, அவை தள்ளுபவற்றுக்கும் தேடி, சங்கிலியாகப் போகும். நிரல் எழுதத் தெரியாத துறைக்கு இதையே பரிந்துரைப்பேன். மொழி ஹவர்களைப் பூட்டிய நம் லேப் வழக்கைப் போல விடையே இல்லாத கணக்கில் அது விடை இல்லை என்று நிறுவாது. தேடிக்கொண்டே இருக்கும், எந்த வகுப்பில் சிக்கியிருக்கிறது என்று காட்டும். காட்டும் வகுப்பு காரணமாக இருக்கலாம், பாதிக்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒரே துறை, இரண்டு மூன்று வகுப்புகள், எல்லோரும் முழுநேரம் என்றால் வரிசை வழி போதும். எது அடுத்து அடைபடப் போகிறது என்று ஒவ்வொரு படியிலும் பார்த்து வரிசையை மாற்றிக்கொண்டால் சரி. காமன் ஹவர், பல துறைக்கும் பொதுவான லேப், குறிப்பிட்ட நாளில் மட்டும் வரும் ஆசிரியர்கள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே விதி வழிக்குப் போய்விடுவது நல்லது. செமஸ்டர் நடுவே வரும் திருத்தங்களைக் கையாலேயே செய்யலாம்.

எந்த வழியானாலும், அடுத்த செமஸ்டருக்கு அட்டவணை போட உட்காரும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மொழி ஹவர்களைப் பூட்டுவதற்கு முன், ஒவ்வொரு லேபுக்கும் எத்தனை ப்ராக்டிகல், அவை நடக்கக்கூடிய காலைகள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ப்ராக்டிகல் எண்ணிக்கை காலைகளைவிடக் கூடுதலாக இருந்தால், அன்றைக்கே மொழித் துறைத் தலைவர்களைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.